பேக்டெஸ்டில் வந்த லாபம் கைக்கு வருமா? கமிஷன், ஸ்ப்ரெட், சந்தைத் தாக்கம் பற்றி

பழைய விலைத் தரவை எடுத்துக்கொண்டு, நம் வணிக விதி அந்தக் காலத்தில் எவ்வளவு சம்பாதித்திருக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் பேக்டெஸ்ட். திரையில் லாபக் கோடு சீராக மேலே ஏறும். அதே விதியை நிஜப் பணத்தில் ஓட்டினால் கோடு படுத்துவிடும், சில சமயம் கீழேயே இறங்கும். விதி தேய்ந்துவிட்டது, சந்தை மாறிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் செலவுக் கணக்கு. பெரும்பாலான பேக்டெஸ்டுகளில் ஒரு வணிகத்துக்கு இத்தனை சதவீதம் என்று கடைசியில் ஒரே எண்ணைக் கழித்துவிட்டு, செலவைச் சேர்த்தாயிற்று என்று நகர்ந்துவிடுகிறோம். செலவு அப்படி நடந்துகொள்வதில்லை. அதில் ஒரு பகுதி தரகரின் கட்டணப் பட்டியலில் இருக்கிறது, ஒரு பகுதி நாம் எந்த நேரத்தில் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது, மூன்றாவது பகுதி நாம் எவ்வளவு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரே ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு மூன்றையும் பார்த்துவிடலாம். ஒரு பங்கு, விலை 100-ஐ ஒட்டி. நாளொன்றுக்குச் சராசரியாக 5,00,000 பங்குகள் கைமாறுகின்றன, இதுதான் அதன் வால்யூம். ஒரு நாளின் விலை ஏற்ற இறக்கம் சராசரியாக 2 சதவீதம். நம் விதி எளிமையானது: விலை ஒரே நாளில் நன்றாக இறங்கினால் சந்தை முடியும் நேரத்தில் வாங்கு, மறுநாள் சந்தை முடியும்போது விற்றுவிடு. இறங்கியது கொஞ்சம் எழும்பும் என்ற நம்பிக்கை.

செலவை எல்லாம் பேசிஸ் பாயிண்டில் சொல்கிறேன். ஒரு சதவீதத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரு பேசிஸ் பாயிண்ட். விலை 100 என்றால் ஒரு பேசிஸ் பாயிண்ட் 0.01. பாயிண்ட் என்று மட்டும் எழுதினாலும் இதையே சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கமிஷன்

மூன்றில் எளிதானது இதுதான், ஏனென்றால் இது முன்கூட்டியே தெரியும். தரகரின் கட்டணம், சந்தையின் கட்டணம், வரி என எல்லாவற்றையும் கட்டணப் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதிவிடலாம். வாங்கும்போது ஒன்று, விற்கும்போது வேறொன்று என்று இருந்தால் தனித்தனியாக எழுதுங்கள். நம் உதாரணத்தில் வாங்க 2, விற்க 2, மொத்தம் 4 பாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு இடத்தில் மட்டும் சறுக்கும். ஒன்று, ஓர் ஆர்டருக்குக் குறைந்தபட்சக் கட்டணம். அது 5 என்று இருந்தால், 100 பங்கு வாங்கும் 10,000 மதிப்புள்ள சின்ன ஆர்டருக்கு 2 பாயிண்ட் என்பது 2 மட்டுமே. ஆனால் தரகர் எடுப்பது 5, அதாவது 5 பாயிண்ட். இன்னொன்று, ஒரு பங்குக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் தரகர்கள். ஒரு பங்கு பத்தாகப் பிரிக்கப்பட்டால், தரவு விற்பவர்கள் பழைய விலைகளையும் பத்தால் வகுத்துத் திருத்திக் கொடுப்பார்கள். அந்தத் திருத்திய விலையில் பேக்டெஸ்ட் ஓட்டினால், அன்று வாங்கியிருக்கக்கூடியதைப் போலப் பத்து மடங்கு பங்குகளை வாங்குவதாகக் கணக்கு வரும், கமிஷனும் பத்து மடங்காகும். இங்கே செலவு அதிகமாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை, நல்ல விதி ஒன்று காரணமில்லாமல் குப்பைக்குப் போகும். கட்டணத்தை எப்போதும் திருத்தாத விலையிலும் அன்றைய உண்மையான எண்ணிக்கையிலும் கணக்கிட வேண்டும்.

ஸ்ப்ரெட்

சந்தையில் எந்த நொடியிலும் ஒரு பங்குக்கு இரண்டு விலை இருக்கும். வாங்கக் காத்திருப்பவர் தரத் தயாராக இருக்கும் உச்ச விலை பிட். விற்கக் காத்திருப்பவர் கேட்கும் குறைந்த விலை ஆஸ்க். நம் பங்குக்கு பிட் 99.95, ஆஸ்க் 100.05 என்று இருக்கட்டும். உடனே வாங்க வேண்டும் என்றால் 100.05 கொடுக்கிறோம், உடனே விற்க வேண்டும் என்றால் 99.95 பெறுகிறோம். பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் உள்ள இந்த இடைவெளிதான் ஸ்ப்ரெட். நடுவிலை 100. ஆக, ஒவ்வொரு முறையும் ஸ்ப்ரெட்டில் பாதி, இங்கே 5 பாயிண்ட், நம் கையைவிட்டுப் போகிறது. வாங்கி விற்று முடித்தால் 10.

இது வரைக்கும் சுலபம். சிக்கல், நம் தரவில் இருக்கும் முடிவு விலை நடுவிலை அல்ல, கடைசியாக நடந்த வணிகத்தின் விலை என்பதில் இருக்கிறது. கடைசியாக வந்தவர் விற்றிருந்தால் 99.95 என்று பதிவாகும், வாங்கியிருந்தால் 100.05 என்று பதிவாகும். சில சந்தைகள் முடிவு விலையை ஏல முறையிலோ சராசரி முறையிலோ நிர்ணயிக்கின்றன. அங்கே இது குறையும். ஆனால் நிமிடத் தரவில் எல்லா இடத்திலும் உண்டு.

இப்போது கவனியுங்கள். பங்கின் மதிப்பு துளிகூட நகரவில்லை, நடுவிலை இரண்டு நாளும் 100 தான் என்று வைத்துக்கொள்வோம். நம் விதி இறங்கிய விலையைத் தேடிப் பிடிக்கும் விதி. அதனால் 99.95 என்று பதிவான நாட்களைத்தான் அதிகம் தேர்ந்தெடுக்கும். மறுநாள் கடைசி வணிகம் எந்தப் பக்கம் இருக்கும் என்பது பூவா தலையா மாதிரி. சராசரியாக 100. பேக்டெஸ்ட் 99.95-க்கு வாங்கி 100-க்கு விற்றதாக எழுதிக்கொள்கிறது, 5 பாயிண்ட் லாபம். நிஜத்தில் நாம் 100.05-க்கு வாங்கி 99.95-க்கு விற்றிருப்போம், 10 பாயிண்ட் நஷ்டம். இரண்டுக்கும் இடையே 15 பாயிண்ட். பேக்டெஸ்டில் ஸ்ப்ரெட்டுக்காக 10 பாயிண்டைக் கழித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தாலும் இன்னும் 5 பாயிண்ட் பொய் லாபம் உள்ளே உட்கார்ந்திருக்கும். இறங்கியது எழும்பும் என்று நம்பும் குறுகிய கால மீள்வு விதிகளில் பல இப்படிப்பட்ட மாயை என்று தெரியவரும்போது நான் ஆச்சரியப்படுவதில்லை. விதியே பிட் விலைகளைப் பொறுக்கி எடுக்கிறதே!

சரி, என்ன செய்வது? பிட், ஆஸ்க் தரவு கிடைத்தால் நடுவிலையில் சிக்னலைக் கணக்கிட்டு, நடுவிலையிலிருந்து பாதி ஸ்ப்ரெட் தள்ளி வாங்கியதாகவும் விற்றதாகவும் எழுதுங்கள். கிடைக்காவிட்டால், எந்த விலையைப் பார்த்து முடிவெடுத்தீர்களோ அந்த விலையிலேயே வாங்கியதாக எழுதாதீர்கள். நிமிடத் தரவு என்றால் ஒரு நிமிடம் தள்ளி, நாள் தரவு என்றால் மறுநாள் வால்யூம் எடையிட்ட சராசரி விலையில் வாங்கியதாக வைத்து, அதன்மேல் பாதி ஸ்ப்ரெட் சேருங்கள். இது நல்ல சோதனையும்கூட. ஒரே ஒரு நிமிடம் தள்ளியதும் லாபம் முழுக்க மறைந்துபோனால், நீங்கள் பிடித்தது பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடையே விலை துள்ளுவதைத்தான் என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது, எந்த ஸ்ப்ரெட்? ஆண்டுச் சராசரி 10 பாயிண்ட் என்று ஓர் எண்ணை எடுத்துப் போடுவது வழக்கம். ஆனால் நம் விதி சராசரி நாளில் வாங்குவதில்லை. விலை சரியும் நாளில் வாங்குகிறது. அந்த நாளில் ஆர்டர் வைத்து விலை சொல்பவர்களும் பயந்து ஒதுங்கி நிற்பார்கள், ஸ்ப்ரெட் அகலும். நமக்கு வேண்டியது சிக்னல் வந்த நாட்களில், நாம் ஆர்டர் போடும் அந்த நேரத்தில் இருந்த ஸ்ப்ரெட். அதற்கான தரவு கையில் இல்லாவிட்டால், சில வாரங்கள் பணம் போடாமல் சிக்னல் வரும்போதெல்லாம் பிட்டையும் ஆஸ்க்கையும் பதிந்து வைத்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

காலமும் முக்கியம். அமெரிக்கப் பங்குகளில் விலையின் குறைந்தபட்ச நகர்வு 1997 வரை பெரும்பாலும் எட்டில் ஒரு டாலராக இருந்தது, பிறகு பதினாறில் ஒரு டாலர் ஆனது, 2001-இல்தான் ஒரு சென்ட்டுக்கு வந்தது. 20 டாலர் பங்கில் எட்டில் ஒரு டாலர் என்பது 62 பாயிண்டுக்கு மேல், ஒரு சென்ட் என்பது வெறும் 5 பாயிண்ட். இன்றைய ஸ்ப்ரெட்டை 1990-களின் தரவில் பொருத்திவிட்டு, இந்த விதி 30 ஆண்டுகளாக வேலை செய்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இந்த விலைக்கு மேல் தரமாட்டேன் என்று லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருந்தால் ஸ்ப்ரெட்டே கொடுக்க வேண்டாமே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் விலை நம் லிமிட்டைத் தொட்டவுடன் ஆர்டர் நிறைவேறியது என்று பேக்டெஸ்டில் எழுதுவது பெரிய தவறு. அந்த விலையில் நமக்கு முன்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். விலை தொட்டுவிட்டு மேலே போனால் அவர்களுக்குக் கிடைத்திருக்கும், நமக்குக் கிடைத்திருக்காது. விலை நம்மைத் தாண்டிக் கீழே போகும்போது மட்டும் நிச்சயம் கிடைக்கும். நல்ல வணிகங்கள் கைநழுவி, மோசமானவை எல்லாம் வந்து சேரும். தொடங்குபவர்கள், விலை லிமிட்டைத் தாண்டிக் கீழே வணிகமானால் மட்டுமே நிறைவேறியது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

சந்தைத் தாக்கம்

இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். பழைய விலைத் தரவு நாம் இல்லாதபோது நடந்த சந்தையின் பதிவு. நாம் உள்ளே நுழைந்து வாங்கியிருந்தால் விலை வேறு மாதிரி போயிருக்கும், தரவுக்கு அது தெரியாது. ஆஸ்க் 100.05 என்று திரையில் இருக்கும், ஆனால் அந்த விலையில் 300 பங்குகள்தான் இருக்கலாம். நமக்கு 2,000 வேண்டுமென்றால் 100.06, 100.08 என்று மேலே மேலே தின்றுகொண்டு போக வேண்டும். துண்டு துண்டாகப் பிரித்து மெதுவாக வாங்கினாலும், யாரோ விடாமல் வாங்குகிறார்கள் என்று மற்றவர்கள் கவனித்து விலையை ஏற்றுவார்கள்.

இதை எவ்வளவு என்று மதிப்பிட, பல சந்தைகளிலும் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு வடிவம் இருக்கிறது. வர்க்கமூல விதி என்பார்கள்:

```
impact = y * sigma * sqrt(Q / V)
```

இதில் `Q` நம் ஆர்டரின் அளவு, `V` ஒரு நாளின் சராசரி வால்யூம், `sigma` ஒரு நாளின் விலை ஏற்ற இறக்கம், `y` ஒன்றை ஒட்டி இருக்கும் ஒரு கெழு. வர்க்கமூலம் என்பது துல்லியமான இயற்கை விதி அல்ல. ராபர்ட் ஆல்ம்கிரெனும் சக ஆய்வாளர்களும் 2005-இல் அமெரிக்கப் பங்கு ஆர்டர்களை வைத்து அளந்தபோது, தற்காலிகத் தாக்கத்துக்கு அடுக்கு 0.5-க்குப் பதில் 0.6-ஐ ஒட்டி வந்தது. நம் வேலைக்கு 0.5 போதும்.

வடிவம் சொல்வது இதுதான்: அளவை நான்கு மடங்காக்கினால் ஒரு பங்குக்கான தாக்கச் செலவு இரண்டு மடங்காகும், மொத்தத் தாக்கச் செலவு எட்டு மடங்காகும். ஒரே சதவீதத்தைக் கழிக்கும் பேக்டெஸ்டில் இந்த விஷயம் வரவே வராது. எவ்வளவு பணம் போட்டாலும் அதே சதவீத லாபம் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

பைதானில் எழுதினால் ஒரு பக்கச் செலவு இவ்வளவுதான்:

```python
def cost_bps(q, v, sigma, half_spread, fee, y=1.0):
    impact = y * sigma * (q / v) ** 0.5
    return fee + half_spread + impact
```

`sigma` 200 பாயிண்ட், `half_spread` 5, `fee` 2. `v`-க்கும் `sigma`-வுக்கும் அன்றைய எண்ணைக் கொடுக்கக் கூடாது. வாங்கும் நேரத்தில் அன்றைய மொத்த வால்யூம் நமக்குத் தெரியாது. முந்தைய 20 நாட்களின் சராசரியைக் கொடுங்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். நடுவிலையிலிருந்து நடுவிலைக்கு அளந்தால் நம் விதி ஒரு வணிகத்துக்குச் சராசரியாக 40 பாயிண்ட் தருகிறது என்று பேக்டெஸ்ட் சொல்கிறது. கமிஷன் 4, ஸ்ப்ரெட் 10 போனால் மிச்சம் 26. இதிலிருந்துதான் தாக்கத்தைக் கழிக்க வேண்டும்.

500 பங்குகள் வாங்கினால், அது நாளின் வால்யூமில் 0.1 சதவீதம். ஒரு பக்கத் தாக்கம் 6.3 பாயிண்ட், இரண்டு பக்கமும் சேர்த்து 12.6. மிச்சம் 13.4 பாயிண்ட், அதாவது 50,000 மதிப்பில் சுமார் 67. இது நல்ல விதிதான். அப்படியானால் பத்து மடங்கு போடலாமே என்று 5,000 பங்குகளுக்குப் போனால் தாக்கம் மட்டுமே 40 பாயிண்ட் ஆகிவிடும். வணிகத்துக்கு 14 பாயிண்ட் நஷ்டம், பணத்தில் 700. செலவே சேர்க்காத பேக்டெஸ்ட் அதே 5,000 பங்குகளுக்கு 2,000 லாபம் காட்டிக்கொண்டிருக்கும்.

இடையில் எங்கே நிறுத்துவது? மொத்த லாபம் உச்சத்தில் இருப்பது சுமார் 940 பங்குகளில். அங்கே தாக்கம் 17.3 பாயிண்ட், மிச்சம் 8.7 பாயிண்ட், பணத்தில் சுமார் 81. சுமார் 2,110 பங்குகளில் லாபம் பூஜ்யம். வர்க்கமூல வடிவம் இருக்கும் எந்தக் கணக்கிலும் இந்த விகிதம் மாறாது: கமிஷனும் ஸ்ப்ரெட்டும் போக மிஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாக்கம் தின்னும் இடத்தில்தான் மொத்த லாபம் அதிகபட்சம்.

ஆனால் 940 பங்குகளில் போய் நிற்காதீர்கள். `y` ஒன்று என்று எடுத்தது ஒரு மதிப்பீடுதான். உண்மையில் அது 1.5 என்று இருந்தால், 940 பங்குகளில் தாக்கம் 26 பாயிண்ட் ஆகும், லாபம் அப்படியே பூஜ்யம். மாறாக `y` 1.5 என்று வைத்தே அளவைத் தேர்ந்தெடுத்தால் சுமார் 417 பங்குகள் வரும். பிறகு `y` உண்மையில் ஒன்றுதான் என்று தெரிந்தாலும் சுமார் 60 கிடைக்கும், உச்சமான 81-ஐவிட 21 தான் குறைவு. `y` 1.5-ஆகவே இருந்தால் 36 கிடைக்கும். அளவைச் சின்னதாக வைத்துத் தவறுவது மலிவு, பெரியதாக வைத்துத் தவறுவது விலை உயர்ந்தது.

இதோடு சரியும் நாளின் ஸ்ப்ரெட்டையும் சேர்த்துப் பாருங்கள். வாங்கும் நாளில் மட்டும் ஸ்ப்ரெட் 10-க்குப் பதில் 20 பாயிண்ட் என்றால் பாதி ஸ்ப்ரெட் 10, கூடுதலாக 5 பாயிண்ட் போகும். 940 பங்குகளில் மிச்சம் இருந்த 8.7 இப்போது 3.7 ஆகிவிடும். சரியும் நாளில் `sigma`-வும் கூடும் என்பதால் அதுவும் தங்காமல் போகலாம்.

செலவை ஒவ்வொரு வணிகத்துக்கும் முன்பே கணக்கிடுவதால் இன்னொரு நன்மை உண்டு. எதிர்பார்க்கும் மீள்வு 20 பாயிண்ட், செலவு 27 பாயிண்ட் என்று தெரிந்தால் அந்த வணிகத்தையே விட்டுவிடலாம். கடைசியில் கழிக்கும் முறையில் அந்த வாய்ப்பே இல்லை, நஷ்டம் தரும் வணிகங்களும் சேர்ந்துதான் ஓடும். முடிவெடுக்கும் வளையத்துக்குள்ளேயே `cost_bps` இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இந்தச் சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலான ஆர்டர் புக்கின் முதல் வரிசையிலேயே நிறைவேறிவிடும் சின்ன ஆர்டருக்குப் பாதி ஸ்ப்ரெட்டே போதும், அங்கே சூத்திரம் செலவைக் கூட்டிச் சொல்லும். நாளின் வால்யூமில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகும் ஆர்டருக்கு அதை நம்ப வேண்டாம். அப்புறம், அடுத்தடுத்த நாட்களில் ஒரே பக்கம் வாங்கிக்கொண்டே போனால், நேற்று நாம் ஏற்றிய விலை முழுசாக இறங்குவதற்குள் இன்றும் வாங்குகிறோம். ஒவ்வொரு ஆர்டரையும் தனித்தனியாகப் பார்க்கும் இந்தக் கணக்கு அதைப் பிடிக்காது. அப்படிப்பட்ட விதிகளுக்கு, பல நாள் ஆர்டர்களையும் ஒரே பெரிய ஆர்டராக எடுத்து அந்த மொத்த அளவுக்குத் தாக்கம் கணக்கிடுவது நல்லது.

நிஜத்தில் ஓட்டும்போது அளப்பது

ஒரு முடிவு எடுத்த கணத்தின் விலைக்கும் கட்டணமும் சேர்த்துக் கடைசியில் நமக்குக் கிடைத்த சராசரி விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆந்த்ரே பெரோல்ட் 1988-இல் இம்ப்ளிமென்டேஷன் ஷார்ட்ஃபால் என்று அழைத்தார், அதாவது காகிதப் போர்ட்ஃபோலியோவுக்கும் நிஜப் போர்ட்ஃபோலியோவுக்கும் இடையிலான குறை. பதிந்து வைக்க வேண்டியது கொஞ்சம்தான்: முடிவெடுத்த கணத்தின் நடுவிலை, ஆர்டர் போன கணத்தின் பிட்டும் ஆஸ்க்கும், நிறைவேறிய சராசரி விலை, எண்ணிக்கை, கட்டணம். மொத்தக் குறையிலிருந்து கட்டணத்தையும் பாதி ஸ்ப்ரெட்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் தாக்கமும், தாமதத்தில் நகர்ந்த விலையும்.

பத்துப் பதினைந்து ஆர்டர்களைப் பார்த்துவிட்டு `y`-ஐ மாற்றிவிடாதீர்கள். ஓர் ஆர்டரை நாளின் வணிக நேரத்தில் பதினாறில் ஒரு பங்கில் நிறைவேற்றுகிறோம் என்றால், அந்த இடைவெளியில் விலை தானாகவே சுமார் 50 பாயிண்ட் இப்படியும் அப்படியும் ஆடும். 200 பாயிண்டை 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுத்தால் வருவது அது. நாம் தேடுவதோ 6 பாயிண்ட். அதை 2 பாயிண்ட் பிழைக்குள் அளக்க வேண்டுமானால் 50-ஐ 2-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 625 ஆர்டர்கள் வேண்டும். அது வரை 417 பக்கமே நிற்பது நல்லது.

ஸ்ப்ரெட் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆர்டரிலும் நேரடியாகத் திரையில் தெரிவது அது, சில டஜன் ஆர்டர்களிலேயே பேக்டெஸ்டில் வைத்த எண் சரியா என்று தெரிந்துவிடும். அதனால் நிஜ லாபம் பேக்டெஸ்டைவிடக் குறைவாக வரும்போது முதலில் அதைத் திறந்து பாருங்கள். அது சரியாக இருந்தால் குறையை ஆர்டர் அளவின்படி பிரித்துப் பாருங்கள். பெரிய ஆர்டர்களில் குறை கூடிக்கொண்டே போனால் `y` போதவில்லை. எல்லா அளவிலும் ஒரே மாதிரி குறை இருந்தால் முடிவெடுத்ததற்கும் ஆர்டர் போனதற்கும் இடையே உள்ள தாமதத்தைப் பார்க்க வேண்டும், பேக்டெஸ்டிலும் அதே தாமதத்தை வைத்து மறுபடி ஓட்ட வேண்டும்.